குரக்கன் மாவை நேரடியா வீடுகளுக்கு விக்கிறது: எத்தினை பரப்பு விதைக்கிறது, என்ன விலை போடுறது?

செம்மண்காணி (கோப்பாய்):
வணக்கம். எட்டுப் பரப்பில குரக்கன் போடுற யோசினை. முழுசாச் சந்தைக்குக் கொண்டுபோகாமல், மாவாக்கி அரைக்கிலோ பைக்கெற்றில யாழ்ப்பாணத்திலயும் கொழும்பிலயும் இருக்கிற வீடுகளுக்கு வாட்ஸ்அப், முகநூல் வழியா நேரடியா விக்கப் பாக்கிறன். ரெண்டு கேள்வி. வருசம் முழுக்க மா குடுக்கிறதெண்டால் விதைப்பை எப்பிடிப் பிரிக்க வேணும்? மற்றது விலை. என்ர கணக்கில குரக்கன் கிலோ 250 ரூபாயில முடியும். அதோட அரைகூலி 40, ரெண்டு பைக்கெற்றுக்கு 50. மொத்தம் 340. இருபது வீதம் லாபம் வைச்சால் 408. இது நியாயமான விலைதானே?

பனங்கூடல்:
தம்பி, மாதம் ஒரு துண்டா விதையுங்கோ. ரெண்டு பரப்பு ஒக்டோபரில, ரெண்டு நவம்பரில, ரெண்டு டிசம்பரில, ரெண்டு ஜனவரியில. அப்பத்தான் எப்பவும் புதுக் குரக்கன் கையில இருக்கும். சனத்துக்குப் புதுசெண்டால் விருப்பம். விலைக்கு அவ்வளவு கணக்குப் பாக்கத் தேவையில்லை. திருநெல்வேலியில, சுன்னாகத்தில கடையில மா என்ன விலை போகுதோ அதில இருபது ரூபா குறைச்சுப் போட்டால் தானாப் போகும்.

வயல்குறிப்பு:
பனங்கூடல் அண்ணை சொல்லுறது கத்தரிக்கும் கீரைக்கும் பொருந்தும். குரக்கனுக்குப் பொருந்தாது.

குரக்கன் தானியமா இருக்கும்வரைக்கும் கெடாது. நல்லாக் காய்ஞ்சு காத்துப் புகாத வாளியில கிடந்தால் அடுத்த அறுப்புவரைக்கும் அப்பிடியே இருக்கும். கெடுறது மாதான். குரக்கனை முளைக்கருவோட முழுசா அரைக்கிறம், அதில இருக்கிற எண்ணெய் காத்துப் பட்டால் காறும். ரெண்டு மாதம் தாண்டின மாவை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சுப் பாருங்கோ, பழைய எண்ணெய் மணம் வரும், புட்டு அவிச்சால் அடி நாக்கில கசக்கும். அதாலதான் அறுப்பு ஒருக்கா, அரைப்பு மாதாமாதம். "புதுசு" எண்டு வீட்டுக்காரர் கேக்கிறது அரைச்ச திகதியைத்தான், அறுத்த திகதியை இல்லை.

துண்டு துண்டா விதைக்கிறதில இன்னும் ரெண்டு கேடு இருக்கு. ஒக்டோபர் தொடக்கத்தில போட்ட துண்டு மாரி மழை விடமுன்னமே முத்தத் தொடங்கும். நனைஞ்ச கதிர் நிண்டபடியே முளைக்கும், இல்லாட்டிப் பூஞ்சணம் பிடிச்சுக் கறுக்கும். அந்தத் தானியத்தை எவ்வளவு காயவைச்சாலும் மாவில புழுங்கல் மணம் போகாது. கடைசித் துண்டுக்கு மழைப் பிரச்சினை இல்லை, குருவிப் பிரச்சினை. சுத்துவட்டாரத்தில எல்லாரும் அறுத்த பிறகு ரெண்டு பரப்பு மட்டும் கதிரோட நிண்டால் அவ்வளவு குருவியும் அங்கதான் இறங்கும்.

காலபோகத்துக்கு, கதிர் முத்திறது பெப்ரவரி முதல் கிழமைகளில வாறமாதிரிப் பின்னால எண்ணுங்கோ. இனத்தைப் பொறுத்து 100 முதல் 110 நாள் எண்டால் விதைப்பு ஒக்டோபர் கடைசி. ஒரே நாளில முழுக்க அறுக்கிற பயிரும் இல்லை இது. தாய்க்கதிர் முத்தேக்க பக்கக்கிளைக் கதிர் பச்சையா நிக்கும். பழுத்ததை முதல் அறுத்துப்போட்டு, பத்து நாள் விட்டு மற்றதை அறுங்கோ. எல்லாத்தையும் ஒண்டா அறுத்தால் பச்சைத் தானியம் கலந்து காயிறதும் ஒருமாதிரி வராது.

உங்கட 408 க்கு இரவைக்கு வாறன். அதில ஒரு பெரிய ஓட்டை இருக்கு.

தேன்பெட்டி:
எனக்கும் இதே கேள்விதான். நான் பெட்டித் தேன் போத்தலில விக்கிறன், 750 மில்லி. ஒரு வாடிக்கையாளர் கிலோ என்ன விலை எண்டு கேட்டு, கடையில கிலோ மலிவு எண்டு சண்டை பிடிக்கிறா. ரெண்டு போத்தல் மூடி உப்பித் திரும்பியும் வந்திட்டுது. நெருப்புக்குச்சியைத் தேனில தோய்ச்சு உரசிப் பாத்துத்தான் குடுத்தனான், பத்தினது. பிறகேன் இப்பிடி?

வயல்குறிப்பு:
தேன்பெட்டி, இது குரக்கன் இழை, எண்டாலும் சுருக்கமாச் சொல்லுறன். தேன் தண்ணியை விட ஏறக்குறைய 1.4 மடங்கு பாரம். 750 மில்லிப் போத்தலுக்குள்ள ஒரு கிலோவும் ஐம்பது கிராமும் அளவில இருக்கு. அந்த அக்கா உங்கட போத்தலை முக்கால் கிலோ எண்டு நினைச்சு ஒப்பிட்டிருப்பா. லேபிளில மில்லியோட கிராமையும் போடுங்கோ, சண்டை தீரும்.

மூடி உப்பினது புளிச்சதால. அடையில மெழுகு மூடி போடாத அறைகளையும் சேத்துப் பிழிஞ்சிருப்பியள். அடையில முக்கால்வாசியாவது மூடினபிறகுதான் எடுக்க வேணும். நெருப்புக்குச்சி, எறும்பு, தண்ணியில சொட்டு, இது ஒண்டும் ஈரப்பதனைக் காட்டாது. அதுக்கெண்டு சின்ன ஒளிமுறிவுமானி இருக்கு, ஒரு சொட்டு வைச்சுப் பாக்கிறது. 20 வீதத்துக்கு மேல காட்டினால் போத்தலில அடைச்சு விக்க வேண்டாம். மிச்சத்துக்குத் தனி இழை திறவுங்கோ.

வெள்ளவத்தைவீடு:
நான் வாங்கிற பக்கத்தில இருந்து எழுதுறன். ஊரில இருந்து வாற குரக்கன் மாவில எனக்கு ரெண்டு முறைப்பாடு. ஒண்டு, பல்லில மண் கடிக்குது. மற்றது, பைக்கெற் உள்பக்கம் வேர்த்துக் கட்டி கட்டியா வருது. விலை ஐம்பது ரூபா கூடினாலும் எடுப்பன், மண் கடிச்ச மாவை ரெண்டாந்தரம் எடுக்க மாட்டன். பிள்ளைகள் ஒருக்கா மண் கடிச்சால் பிறகு குரக்கன் புட்டைத் தொடவே மாட்டினம்.

மில்காரர்:
அக்கா சொன்ன ரெண்டுக்கும் காரணம் எனக்குத் தெரியும்.

மண்: வெறும் முத்தத்திலயும் தார் றோட்டிலயும் கதிர் போட்டு அடிக்கிறது. குரக்கனும் குறுமணலும் கிட்டத்தட்ட ஒரே பருமன், எந்த அரிதட்டாலயும் பிரியாது. தூத்தினால் உமியும் தூசும்தான் போகும், மணல் தானியத்தோடயே கீழ விழும். அதைத் தண்ணியிலதான் பிரிக்க வேணும். எங்கட வீடுகளில அரிசியில கல் எடுக்கிற அரிக்கன் சட்டி இருக்கெல்லோ, உள்பக்கம் வரிவரியாக் கீறினது, அதுதான் இதுக்கும் சரி. ஒரு தரத்துக்கு ரெண்டு கிலோவுக்கு மேல போடாமல், தண்ணி விட்டு வட்டமா ஆட்டி ஆட்டி மேல மிதந்து வாற தானியத்தை மற்றப் பாத்திரத்துக்கு வழிக்கிறது. கடைசியில அந்த வரிக்குள்ள சிவப்பா ஒரு கோடு மணல் நிக்கும். அந்தக் கடைசிக் கை தானியத்தையும் சேத்துக் கோழிக்குப் போடுங்கோ, ஆசைப்பட்டு வழிக்கப் போனால் மணலும் வரும்.

வேர்வை: மில்லால வாற மா கை வைக்கேலாத சூடு. அதை அப்பிடியே பைக்கெற்றில போட்டு ஒட்டினால் உள்ள ஆவி தண்ணியாப் படியும், கட்டி பிடிக்கும், பிறகு பூஞ்சணம். வெள்ளைத் துணியில பரவி மூண்டு நாலு மணித்தியாலம் ஆறவிட்டுப் பிறகு அடையுங்கோ.

இன்னொண்டு. எங்களிட்ட மிளகாயும் அரைபடும், கோதுமையும் அரைபடும். முதல் ஒரு கிலோவை மில்லைக் கழுவுறமாதிரி விட்டுப் பிடிச்சு வேற வையுங்கோ. காலமை மில் திறந்த உடன முதல் ஆளா வந்தால் இன்னும் நல்லம். எண்டாலும் கோதுமை ஒத்துக்கொள்ளாத ஆக்களுக்கு இது பாதுகாப்பான மா எண்டு சொல்லி விக்காதேங்கோ. பொது மில்லில அந்த உத்தரவாதம் ஒருத்தராலயும் குடுக்கேலாது.

செம்மண்காணி (கோப்பாய்):
மில்கார அண்ணைக்கு நன்றி. கழுவினால் திரும்பக் காயவைக்க வேணுமே, காய்ஞ்சிட்டுது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? ஈரமானி இல்லை.

மில்காரர்:
பாயில ஒரு விரல் கனத்துக்கு மேல போடாமல், மணித்தியாலத்துக்கு ஒருக்காக் கிளறி, ரெண்டு நல்ல வெயில். சோளகம் அடிக்கிற மாதங்களில செம்மண் தூசு பறந்து வந்து படியும், மேல மெல்லிய வலை போடுங்கோ, இல்லாட்டிக் கழுவினது வீண். பாக்கிறதுக்கு, காய்ஞ்ச கண்ணாடிப் போத்தலில தானியமும் வறுத்து ஆறின தூள் உப்பும் போட்டு மூடி நல்லாக் குலுக்கி, கால் மணித்தியாலம் வையுங்கோ. உப்பு கண்ணாடியில ஒட்டிப்பிடிச்சால் இன்னும் ஈரம். ஒட்டாமல் கீழ கிடந்தாலும் நான் இன்னொரு அரைநாள் வெயில் காட்டச் சொல்லுவன். அந்தச் சோதனை கூடின ஈரத்தை மட்டும்தான் பிடிக்கும்.

வயல்குறிப்பு:
இப்ப விலை. தம்பி குடுத்த எண்களையே எடுக்கிறன், மிச்சத்துக்கு நான் ஒரு எண் வைக்கிறன். உங்கட செலவு வேறயா இருந்தால் மாத்திப் போடுங்கோ, வழி ஒண்டுதான்.

எட்டுப் பரப்பில முத்தத்துக்கு வந்த தானியம் 300 கிலோ எண்டு வைப்பம். உழவு, விதை, பசளை, தண்ணி, சொந்த ஆள்க்கூலி எல்லாம் சேத்து 75,000. அதுதான் உங்கட 250. ஆனா அந்த 300 கிலோ 16 வீத ஈரத்தோட நிறுத்தது. 12 வீதத்துக்குக் காய்ஞ்சால் 286 தான். தூத்தி, உமி, சப்பி போனால் 272. அரிக்கன் சட்டியில மணலோட போறதையும் கழிச்சால் 266. மில்லில பறக்கிறது, ஒட்டுறது, கழுவ விட்ட முதல் மா எல்லாம் போக 256. ஒவ்வொரு அரைக்கிலோ பைக்கெற்றிலயும் குறைஞ்சிடக் கூடாது எண்டு பத்துக் கிராம் கூடப் போடுவியள், அதில இன்னும் 5 கிலோ போகும். கடைசியாக் காசாகிறது 250 கிலோ. முத்தத்தில நிறுத்த ஆறு கிலோவில ஒரு கிலோ வழியில போகுது. இது களவு போனதும் இல்லை, பிழை விட்டதும் இல்லை. நல்லாச் செய்தாலும் போகிறது.

செலவைக் கூட்டுங்கோ. தோட்டம் 75,000. கழுவல், காய்ச்சலுக்கு நாலு ஆள் 10,000. அரைகூலி 266 கிலோவுக்கு 10,640. பைக்கெற் 500 க்கு 12,500. நிறுத்து ஒட்ட ரெண்டு நாள் 5,000. மொத்தம் 113,140. அதை 250 ஆல பிரிச்சால் கிலோ 453.

நீங்கள் 408 க்கு முழுதையும் வித்தால் வாறது 102,000. இருபது வீத லாபம் எண்டு நினைச்சுக்கொண்டு 11,140 ரூபா நட்டப்படுவியள். அதுவும் ஒரு பைக்கெற் கூட மிஞ்சாமல், திரும்பி வராமல் வித்தால்தான் நட்டம் அவ்வளவோட நிக்கும்.

கணினியில போடுறதெண்டால் B2 முதல் B6 வரைக்கும் செலவுகள், B7 இல விக்கக்கூடிய மா கிலோ. முத்தத்துக் கிலோவை அங்க எழுதினால் திரும்பவும் அதே பிழை.

```
=SUM(B2:B6)/B7
```

540 போட்டால் வரவு 135,000, கையில 21,860 மிஞ்சும். உங்கட கூலி ஏற்கெனவே செலவுக்குள்ள இருக்கு. மிஞ்சிறது மழை கெடுத்த போகத்துக்கும் குருவி வலைக்கும். இதை நான் நியாய விலை எண்டு சொல்லுவன், வாங்கிறவருக்கு முழுக் கணக்கையும் காட்டக் கூசாத விலை.

பனங்கூடல்:
கணக்கு விளங்குது. முத்தத்து நிறைக்கும் பைக்கெற்றுக்கும் இடையில இவ்வளவு போகும் எண்டு நான் எண்ணிப் பாக்கேல்லை. எண்டாலும் ஒண்டு கேக்கிறன். காணி சொந்தம் எண்டு குத்தகையைக் கணக்கில விட்டிட்டியள். அந்த எட்டுப் பரப்பை வேற ஆளுக்குக் குடுத்திருந்தால் குத்தகை வந்திருக்குமெல்லோ? அதைச் சேத்தால் 540 உம் காணாது.

வயல்குறிப்பு:
அண்ணை சொல்லுறது சரியான கேள்வி. காலபோகத்தில சும்மா கிடக்கிற காணியெண்டால் சேக்கத் தேவையில்லை. அதில வெங்காயமோ புகையிலையோ வைச்சிருப்பியள் எண்டால் சேக்கத்தான் வேணும். ஆளுக்காள் மாறும், நான் பொதுவா ஒண்டு சொல்ல மாட்டன்.

வெள்ளவத்தைவீடு:
540 எனக்குச் சரி. ஆனா கூரியர் காசு? ஒரு கிலோ மாவுக்கு ஒருமுறை வந்த அனுப்புக்கூலி ரெண்டு கிலோவுக்கு. ஏனெண்டு கேட்டால் நிறை கூடிப்போச்சாம்.

கூரியர்க்கணக்கு:
அது எல்லாருக்கும் நடக்கிறது. கூரியரில முதல் கிலோவுக்கு ஒரு விலை, பிறகு ஒவ்வொரு கிலோவுக்கும் கூட. அரைக்கிலோ பைக்கெற் ரெண்டு எண்டால் கூடப் போட்ட பத்துப் பத்துக் கிராம், உறை, வெளிப்பை எல்லாம் சேத்து 1,080 கிராம் அளவில வரும். எண்பது கிராமுக்காக அடுத்த கிலோவின்ர காசு. ஒரு கிலோ ஓடரே எடுக்காதேங்கோ. கொழும்புக்கு ஆகக் குறைஞ்சது மூண்டு பைக்கெற் எண்டு வையுங்கோ. ரெண்டு கிலோப் படிக்குள்ள இடமும் மிஞ்சும், கூலி மூண்டாப் பிரியும். இல்லாட்டிப் பைக்கெற்றை 450 கிராம் ஆக்குங்கோ.

வெள்ளவத்தைவீடு:
450 வேண்டாம். அரைக்கிலோ மாதிரித் தெரியிற பைக்கெற்றில 450 எண்டு சின்னனா எழுதியிருந்தால் எனக்கு ஏமாத்தினமாதிரித்தான் இருக்கும். மூண்டு பைக்கெற் எடுக்கலாம். இன்னொரு வழியும் இருக்கு. எங்கட தொடர்மாடியில ஏழு வீடு யாழ்ப்பாணத்து ஆக்கள். மாதம் ஒருக்கா எல்லாருக்கும் சேத்து ஒரே மூட்டையா பஸ்ஸில போட்டு விட்டால் நான் எடுத்துப் பிரிச்சுக் குடுப்பன்.

வயல்குறிப்பு:
அக்கா, நீங்கள் சொன்னதுதான் தம்பியின்ர முதல் கேள்விக்கும் மறுமொழி.

தம்பி, பின்தொடர்கிறவர்களை எண்ணாதேங்கோ, வீடுகளை எண்ணுங்கோ. ஒரு வீடு மாதம் ஒரு கிலோ மா எடுக்குது எண்டு வைப்பம். அரைப்பு மார்ச்சில தொடங்கி ஒக்டோபர் வரை எட்டு மாதம். அப்ப வீட்டுக்கு எட்டுக் கிலோ. உங்களிட்ட இருக்கிறது 250 கிலோ. முப்பத்தொரு வீடு. அவ்வளவுதான் உங்கட முழுச் சந்தையும். அக்காவின்ர ஏழு வீடு நிலைச்சு நிண்டால் கிட்டத்தட்ட கால்வாசி முடிஞ்சுது.

மறுபக்கமாப் பாத்தால் ஒரு பரப்புக்கு நாலு வீடு. ஆகையால விதைக்க முன்னம், செப்டெம்பரில, குழுவில கேளுங்கோ: எட்டு மாதம் எடுப்பியளோ, மாதம் எத்தினை பைக்கெற், முற்பணமா முதல் மாதத்துக் காசு போடுவியளோ? விருப்பக்குறி போட்டவையை எண்ண வேண்டாம், காசு போட்டவையை எண்ணுங்கோ. இருபது வீடு வந்தால் அஞ்சு பரப்பு குரக்கன், மிச்சம் மூண்டு பரப்பில வழமையா வைக்கிறதை வையுங்கோ. குரக்கன் மிஞ்சினாலும் தானியமா நிக்கும், அழுகாது, எண்டாலும் காசு வாளிக்குள்ள முடங்கிக் கிடக்கும்.

பிறகு மாதத்தின்ர முதல் ஞாயிறு ஓடர் மூடுறது. திங்கள் எண்ணி, அந்த அளவு தானியம் மட்டும் கழுவுறது. ஒரு கிலோ மா விக்கிறதுக்குக் கழுவிக் காய்ஞ்ச தானியம் 1,070 கிராம் வேணும் எண்டு வையுங்கோ. செவ்வாய், புதன் வெயில். வியாழன் காலமை மில், பின்னேரம் அடைப்பு. வெள்ளி பஸ். ஓடர் மூடினபிறகு வாறவைக்கு "வாற மாதம்" எண்டு சொல்லப் பழகுங்கோ. அவைக்காகக் கூடுதலா அரைச்சு வைக்கிற பத்துக் கிலோதான் காறிப்போய்த் திரும்பி வரும்.

செம்மண்காணி (கோப்பாய்):
நாலு வீட்டுக்கு ஒரு பரப்பு. இப்பதான் விளங்குது. லேபிளில என்ன போட வேணும்? நீரிழிவுக்கு நல்லது எண்டு எல்லாரும் போடினம், நானும் போடலாமோ?

மில்காரர்:
நீரிழிவு சுகமாகும் எண்ட மாதிரி ஒண்டும் எழுத வேண்டாம். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குக் கீழ லேபிள் ஒழுங்குவிதி இருக்கு. பொருளின்ர பேர் மூண்டு மொழியிலயும், நிகர நிறை, தொகுதி இலக்கம், அரைச்ச திகதி, முடிவுத் திகதி, உங்கட பேர் முகவரி, விலை. அச்சடிக்க முன்னம் உங்கட பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட மாதிரியைக் காட்டுங்கோ. அடிச்ச ஆயிரம் ஸ்டிக்கரை எறியிறதிலும் அது மலிவு. தராசும் வருசாவருசம் முத்திரை குத்தின வியாபாரத் தராசா இருக்க வேணும், குசினித் தராசு சரிவராது.

பனங்கூடல்:
கடைசியா ஒண்டு. இனசனம் கேட்டால் என்ன விலை? எங்கட ஊரில இதாலதான் கனபேர் கைவிட்டவை.

வெள்ளவத்தைவீடு:
எல்லாருக்கும் ஒரே விலை. நான் 540 குடுக்க, பக்கத்து வீட்டு அக்கா சொந்தம் எண்டு 450 க்கு வாங்கினது தெரிஞ்சால் எனக்கு மனம் நோகும்.

வயல்குறிப்பு:
நான் கொஞ்சம் வித்தியாசமா நினைக்கிறன். எட்டு மாதக் காசையும் முன்னுக்கே தாறவைக்கு, அது சொந்தமோ பிறத்தியோ, 500 க்குக் குடுக்கலாம். அந்தக் காசில உழவும் விதையும் நடக்கும், கடன் எடுக்கத் தேவையில்லை. ஆனா 453 க்குக் கீழ ஒருத்தருக்கும் வேண்டாம். பெரியம்மாவுக்குக் குடுக்க விருப்பமெண்டால் காசு வாங்காமல் ஒரு பைக்கெற் குடுங்கோ, அதைச் செலவில எழுதுங்கோ.

பனங்கூடல்:
முற்காசு வாங்கிப்போட்டுக் கதிர் மழையில போனால்? திருப்பிக் குடுக்கிற காசு உழவில போயிருக்குமே.

வயல்குறிப்பு:
அதாலதான் முப்பத்தொரு வீட்டிலயும் முழு முற்காசு வாங்காதேங்கோ. பத்து வீடு போதும். மழையில போனால் வெளியில தானியம் வாங்கிக் கழுவி அரைச்சுக் குடுக்கலாம், ஆனா "இது எங்கட தோட்டத்ததில்லை" எண்டு அந்த மாதமே குழுவில எழுத வேணும். வேண்டாம் எண்டவைக்குக் காசு திருப்பிக் குடுக்க வேணும். எத்தினை பேர் கேப்பினம் எண்டு என்னால சொல்லேலாது.

செம்மண்காணி (கோப்பாய்):
சரி அண்ணை. செப்டெம்பரில குழுவில கேட்டுப்போட்டு எத்தினை வீடு காசு போட்டது எண்டு இங்க வந்து எழுதுறன். அக்கா, உங்கட ஏழு வீட்டையும் முதல் ஏழாக் குறிச்சு வைக்கட்டோ?

வெள்ளவத்தைவீடு:
ஆறு வையுங்கோ தம்பி. ஏழாவது வீடு மார்ச்சில கனடா போகினம்.